ஸ்லைடில் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் பெயர், போன் நம்பர், கணக்கு எண்: புளர் செய்தால் போதுமா?

#1 மலர்விழி_பாலக்கோடு

காரிமங்கலம் பக்கத்துச் சுய உதவிக் குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு அடுத்த வாரம் கணக்குப் பயிற்சி இருக்கிறது. சந்தாவும் கடன் தவணையும் இப்போது பாதிக்குமேல் ஜீபேயில் வருவதால், அதை ரொக்கப் புத்தகத்திலும் வங்கிப் புத்தகத்திலும் எப்படி ஏற்றுவது என்பதுதான் பாடம். உண்மையான ஸ்கிரீன்ஷாட் மூன்று வைத்திருக்கிறேன்: பணம் போன ஜீபே திரை, வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ், குழுவின் கணக்கு அறிக்கையில் ஒரு பக்கம்.

பவர்பாயிண்ட்டில் இருக்கும் Blur படம் முழுவதையும் கலங்கலாக்குகிறது. அதனால் படத்தை நகலெடுத்து, நகலில் நம்பர் இருக்கும் பட்டையை மட்டும் Crop செய்து, அதற்கு Artistic Effects போய் Blur கொடுத்து, மூலப் படத்தின் மேல் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். திரையில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் பைலை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வார்கள். இப்படியே அனுப்பலாமா?

#2 ஓசூர்_ரைடர்

பிபிடியா அனுப்பாதீங்க அக்கா, நகர்த்திப் பார்த்துடுவாங்க. PDF ஆக்கி அனுப்புங்க. PDF-ல எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும், யாராலயும் பிரிக்க முடியாது. வேலை முடிஞ்சுது.

#3 தகடூர்_கணினி

மேடம், இப்போது இருக்கும் நிலையில் அனுப்ப வேண்டாம். PDF ஆக்கினாலும் வேண்டாம். காரணத்தை உங்கள் பைலிலேயே பார்த்துவிடலாம்.

பைலுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் .pptx என்பதை .zip என்று மாற்றுங்கள். அந்த எழுத்துகள் தெரியாவிட்டால் பைல் எக்ஸ்புளோரரில் View, Show, File name extensions என்பதை டிக் செய்தால் தெரியும். திறந்து ppt என்ற போல்டருக்குள் media போல்டருக்குப் போனால், ஸ்லைடில் வைத்த படங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் ஜீபே திரை அங்கே எந்த மறைப்பும் இல்லாமல் முழுசாக இருக்கும். பவர்பாயிண்ட்டே தேவையில்லை, போனில் ஜிப் திறக்கும் எந்த ஆப்பும் போதும்.

நீங்கள் செய்த முறையில் மூன்று இடத்தில் மூலம் மிஞ்சுகிறது. அடியில் வைத்த படம் முதலாவது. மேலே இருக்கும் பட்டையைத் தள்ளினால் தெரிந்துவிடும். இரண்டாவது அந்தப் பட்டை. Crop செய்தால் மற்ற பகுதி கண்ணுக்கு மறையுமே தவிர அழியாது, மறுபடி Crop அழுத்தி ஓரத்தை இழுத்தால் திரும்ப வரும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பதில்லை. Artistic Effects கொடுத்ததும் பவர்பாயிண்ட் கலங்கிய படத்தை ஒரு பைலாகவும், கலங்காத மூலத்தை .wdp என்று முடியும் இன்னொரு பைலாகவும் அதே media போல்டரில் எழுதி வைக்கிறது. Reset Picture அழுத்தினால் பழையபடி வருவதற்காகவே அந்த ஏற்பாடு. படத்தை அழகுபடுத்துகிறவருக்கு அது வசதி, உங்களுக்கு அதுவே ஓட்டை.

Compress Pictures போய் Delete cropped areas of pictures டிக் செய்தால் இரண்டாவது ஓட்டை அடைபடும். அங்கே Apply only to this picture என்பதை எடுத்துவிட்டால்தான் எல்லாப் படத்துக்கும் செல்லும். ஆனால் முதலாவது அப்படியேதான் இருக்கும்.

ஆகவே மறைப்பதை ஸ்லைடுக்குள் செய்யாதீர்கள். படத்திலேயே மறைத்து, புதிய பெயரில் சேமித்து, அந்தப் புதுப் படத்தை மட்டும் ஸ்லைடுக்குள் கொண்டு வாருங்கள்.

#4 பர்கூர்_வாத்தியார்

எனக்கும் இதே தலைவலிதான் சார். மாணவர் உதவித்தொகைப் பட்டியலை எக்ஸலில் இருந்து எடுத்து ஸ்லைடில் ஒட்டுகிறேன். ஆதார், வங்கிக் கணக்கு இருக்கும் நிரல்களை எக்ஸலிலேயே Hide செய்துவிட்டுத்தான் காப்பி செய்கிறேன். அதற்கு எதற்குப் புளர்?

#5 தகடூர்_கணினி

வாத்தியார் சார், உங்களுடையது ஸ்கிரீன்ஷாட் இல்லை, எக்ஸல் ஒட்டல். கேள்வி வேறு, ஆனால் ஆபத்து இதைவிடப் பெரிது. ஒட்டும்போது Embed என்று ஒட்டியிருந்தால் மொத்த வொர்க்புக்கும் பிபிடிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஸ்லைடில் இருக்கும் பட்டியலை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். எக்ஸல் திறந்து, கீழே மற்ற ஷீட்டுகளும் வந்தால் அதுதான் கதை. Hide செய்த நிரலும் Unhide-க்குக் காத்துக்கொண்டிருக்கும். ஜிப்பாகத் திறந்தால் embeddings என்ற போல்டரில் அந்த .xlsx தனியாகவே கிடைக்கும்.

வேண்டிய நிரல்களை மட்டும் புது ஷீட்டில் மதிப்புகளாக ஒட்டி, அதைப் படமாக ஸ்லைடில் ஒட்டுங்கள். பழைய பிபிடியில் அந்தப் பட்டியலை அழித்துவிட்டுச் சேமியுங்கள்.

#6 ஓசூர்_ரைடர்

PDF வேண்டாம்னு ஏன் சொல்றீங்க தகடூர் அண்ணா? பட்டையை நகர்த்த முடியாதே. புளர் ரேடியஸை முழுசா 100 வெச்சா ஒண்ணுமே படிக்க முடியாது. அப்புறம் ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

#7 ஒகேனக்கல்_பரிசல்

ரைடர் தம்பி, PDF ஆனதும் திரையில் பட்டை நகராது என்பது வரைக்கும் சரி. ஆனால் PDF-க்குள்ளும் அடியில் இருக்கும் படம் ஒரு பொருளாகவும் மேலே இருக்கும் பட்டை தனிப் பொருளாகவும்தான் போகின்றன. லினக்ஸில் இந்த ஒரு வரி போதும், உள்ளே இருக்கும் படங்களைத் தனித்தனியாக வெளியே எடுத்துக் கொடுத்துவிடும்:

```
pdfimages -all payirchi.pdf padam
```

பிபிடியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க:

```
unzip -l payirchi.pptx "ppt/media/*"
```

புளர் விஷயத்தில் நீ சொல்வது பாதிதான் சரி. எழுத்து உருவமே தெரியாத அளவுக்கு அகலமாகக் கலக்கினால் திரும்ப எடுப்பது கடினம். ஆனால் பலரும் நிறுத்துவது 'கண்ணுக்குப் படிக்கவில்லை' என்ற இடத்தில். அங்கே கணினிக்கு இன்னும் நிறையத் தகவல் மிஞ்சியிருக்கும்.

10 இலக்கப் போன் நம்பரை எடுத்துக்கொள். மொத்தமாக ஊகிக்க வேண்டுமென்றால் ஆயிரம் கோடி வாய்ப்பு. அப்படி யாரும் ஊகிப்பதில்லை. ஜீபே திரை என்ன எழுத்துருவில் வரும், என்ன அளவில் வரும் என்பது தெரிந்த விஷயம். அதே எழுத்துருவில் முதல் இடத்துக்கு 0 முதல் 9 வரை எழுதி, அதே அளவு கலக்கி, எது பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு அடுத்த இடம். ஒரு இடத்துக்கு 10 முயற்சி, 10 இடத்துக்கு 100 முயற்சி. பக்கத்து இலக்கத்தின் நிழல் கொஞ்சம் குழப்பும், அவ்வளவுதான். கட்டம் கட்டமாக உடைக்கும் மொசைக்குக்கு இது இன்னும் சுலபம். 2020-ல் Depix, 2022-ல் Unredacter என்று கருவிகளே வெளிவந்துவிட்டன. நாம் மறைப்பது பெரும்பாலும் வெறும் எண்கள் என்பதால்தான் நமக்கு இது தனியாக வலிக்கிறது. ஓவியத்தைப் புளர் செய்தவனுக்கு இந்தக் கவலை இல்லை.

கறுப்புப் பட்டையில் ஊகிக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்துப் புள்ளி எல்லாம் ஒரே நிறம்.

#8 ஓசூர்_ரைடர்

கறுப்புப் பட்டை ஸ்லைடுல அசிங்கமா இருக்கும் அண்ணா. புளர்னா தொழில்முறையா தெரியும்.

#9 ஒகேனக்கல்_பரிசல்

அழகு வேண்டுமென்றால் வழி இருக்கு. முதலில் நம்பர் இருக்கும் இடத்தைப் பின்னணி நிறத்தில் அடித்துவிடு. அதன்மேல் பொய் நம்பர் எழுது. பிறகு அந்தப் பொய் நம்பரைப் புளர் செய். யாராவது மெனக்கெட்டுத் திருப்பி எடுத்தாலும் 00000 00000 கிடைக்கும். எடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும்.

#10 ஓய்வு_கேஷியர்

எப்படி மறைப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எதை மறைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா மலர்விழி, உங்கள் ஜீபே திரையை மேலிருந்து கீழே ஒரு தடவை விரலை வைத்துப் படியுங்கள்.

மேல் ஓரத்தில் போனின் நேரம், அறிவிப்புக் குறிகள். சில சமயம் வாட்ஸ்அப் செய்தியே பாதி தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து வட்டத்துக்குள் முகப்படம் அல்லது பெயரின் முதல் எழுத்து. அதன்கீழ் பெயர், போன் நம்பர். தொகை, தேதி. அதற்கும் கீழே வங்கியின் பெயரோடு கணக்கின் கடைசி 4 இலக்கம், 12 இலக்க UPI transaction ID, பெறுபவர், அனுப்புபவர் இருவரின் யுபிஐ முகவரி, கடைசியாகக் கூகுளின் சொந்தப் பரிவர்த்தனை எண். மேலே போன் நம்பரைப் பளிச்சென்று மறைத்துவிட்டுக் கீழே யுபிஐ முகவரியை விட்டுவிடுவார்கள். பல பேருக்கு அந்த முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பதே போன் நம்பர்தான்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒரே எண் மூன்று ஸ்லைடில் வந்தால் மூன்றிலும் ஒரே மாதிரி மறைக்க வேண்டும். 11 இலக்கக் கணக்கு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்-ஐ வங்கியே XX1234 என்று கடைசி 4 மட்டும் காட்டி அனுப்புகிறது. சரி, வங்கியே மறைத்துவிட்டது என்று அதைத் தொடாமல் விடுகிறீர்கள். கணக்கு அறிக்கைப் பக்கத்திலோ கடைசி 4 இலக்கத்தை அடித்துவிட்டு முதல் 7 இலக்கத்தை விடுகிறீர்கள். இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் வைத்தால் 11-ம் வந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒழுங்காக மறைத்த மாதிரிதான் தெரியும்.

போன் நம்பருக்கும் அப்படியே. முதல் 2, கடைசி 4 விட்டு நடுவில் 4 மறைத்தால் மிஞ்சுவது 10,000 வாய்ப்பு. நம்பரைப் போட்டால் பெயரைக் காட்டும் பேமென்ட் ஆப் ஊரெல்லாம் இருக்கும்போது, பெயரையும் ஸ்லைடில் விட்டிருந்தால் 10,000 ஒரு பெரிய எண் இல்லை.

#11 மலர்விழி_பாலக்கோடு

ஐயா, அறிக்கையில் அந்த 7 இலக்கம் எங்கள் ஸ்லைடில் அப்படியே இருக்கிறது. நல்ல வேளை கேட்டேன்.

பெயிண்ட்டில் செய்வதை வரிசையாகச் சொன்னால் உதவி. இன்னொன்று, வரவு செலவுப் பக்கத்தில் உறுப்பினர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. தொகையும் தேதியும் பாடத்துக்கு வேண்டும், அதை மறைக்க முடியாது.

#12 தகடூர்_கணினி

பெயிண்ட்டில் படத்தைத் திறந்து, வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் Save as கொடுத்து ஒரு புதுப் பெயரில் PNG ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் ஸ்டேட்டஸ் பார் பாடத்துக்கு வேண்டாம், வெட்டி விடுங்கள். பிறகு Shapes-ல் செவ்வகத்தை எடுத்து, Fill என்ற இடத்தில் Solid color தேர்ந்தெடுங்கள். அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வெறும் கோட்டுச் சட்டம்தான் விழும். சட்டத்துக்கும் உள்ளுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். கறுப்பு கண்ணை உறுத்தினால் அடர் சாம்பலும் பரவாயில்லை, ஒளிபுகாத நிறமாக இருந்தால் போதும். சேமித்து மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். நகர்த்த ஒன்றும் இருக்காது, பட்டை படத்தோடு படமாகிவிட்டது.

பட்டையின் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆங்கில எண்ணுக்கு வரி உயரம் போதும். தமிழுக்குப் போதாது. மெய்யெழுத்துப் புள்ளியும் கி, கீ-யின் கொக்கியும் மேலே நிற்கும், கு, கூ, மு, மூ கீழே இறங்கும். வரியை ஒட்டி அடித்தால் மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு வளைவு எட்டிப் பார்க்கும். 12 பேர் இருக்கும் குழுவில் அந்த இரண்டு புள்ளியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். மேலும் கீழும் அரை எழுத்து உயரம் கூட்டியே அடியுங்கள்.

அகலமும் அப்படி. 'கலா' என்பதற்குச் சின்னப் பட்டை, 'தமிழ்ச்செல்வி' என்பதற்கு நீளப் பட்டை என்று போட்டால் பெயரின் நீளம் தெரிகிறது. உள்ளூர்க்காரர் எண்ணிச் சொல்லிவிடுவார். எல்லாப் பெயருக்கும் ஒரே அகலம், அந்த நிரலின் முழு அகலம். பட்டையின்மேல் உறுப்பினர் 1, உறுப்பினர் 2 என்று எழுதிவிட்டால் பாடம் நடத்தவும் வசதி. எல்லா ஸ்லைடிலும் உறுப்பினர் 3 என்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு பொருந்தாது.

தொகையும் தேதியும் பற்றி: காரிமங்கலத்தில் அதே குழுக்காரர்களுக்கு முன்னால் காட்டப் போகிறீர்கள். எந்தத் தேதியில் யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பெயரை எவ்வளவு மறைத்தாலும், தவணை பாக்கி வைத்தவர் யார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பட்டை மருந்தில்லை. தொகையை மாற்றுங்கள். வரவு, செலவு, மீதி மூன்றும் ஒன்றோடொன்று கூடி வரும்படி மாற்ற வேண்டும், கணக்குப் பயிற்சியில் மீதி தப்பாக வந்தால் முதல் கேள்வியே அதுதான்.

அறிக்கை கணினித் திரையில் வெப் பக்கமாகத் தெரிகிறதென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு முன்பே எழுத்தை மாற்றலாம். குரோமில் F12 அழுத்தி, Console-ல்

```
document.designMode = "on"
```

என்று அடித்தால் பக்கத்தில் எங்கு கிளிக் செய்தாலும் வேர்டு மாதிரி அடித்து எழுதலாம். உங்கள் திரையில் மட்டும்தான் மாறும், பக்கத்தைப் புதுப்பித்தால் போய்விடும். மறைக்க வேண்டிய எதுவும் படத்துக்குள்ளேயே வராததால் மிச்சம் பற்றிய கவலையே இல்லை.

#13 ஓய்வு_கேஷியர்

கடைசிப் பத்தியை நான் ஏற்கவில்லை. நெட்பேங்கிங்கில் லாகின் செய்த நிலையில் F12 திறந்து எதையாவது அடிப்பது என்ற பழக்கத்தையே கற்றுக்கொடுக்கக் கூடாது. இன்று இந்த ஒரு வரி. நாளை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேறு வரியை அதே இடத்தில் ஒட்டுவார்கள்.

#14 தகடூர்_கணினி

நியாயம்தான் ஐயா, வங்கித் தளத்துக்கு அதை விட்டுவிடலாம். அறிக்கையை எக்ஸலாக இறக்கி, நகலில் மதிப்புகளை மாற்றி, அந்த நகலின் திரையைப் படமெடுத்தால் அதே பலன். வங்கி அல்லாத பக்கங்களுக்கு நான் சொன்ன முறையை இன்னும் நல்லது என்றுதான் சொல்வேன்.

#15 ராயக்கோட்டை_தக்காளி

எங்க கிட்ட கம்ப்யூட்டர் எல்லாம் இல்லைங்க. மண்டிக்காரர் அனுப்புற பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டை போன்லயே எடிட் பண்ணி, பேனா எடுத்து மேல கிறுக்கிடுவோம். கட் பண்ணியும் அனுப்புவோம். அது சரியா?

#16 ஒகேனக்கல்_பரிசல்

எந்தப் பேனா என்பதில் இருக்கு அண்ணா. போன் எடிட்டரில் ஹைலைட்டர் என்று ஒரு அகலமான பேனா இருக்கும். மறைக்க வசதியாக அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். அது ஒளி ஊடுருவும் மை. கறுப்பில் நாலைந்து தடவை தேய்த்தால் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் அடியில் இருக்கும் எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வித்தியாசம் கொஞ்சம் மிஞ்சும். படத்தின் பிரகாசத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் முழுசாக ஏற்றினால் நம்பர் எழுந்து வரும். நீங்களே அனுப்புவதற்கு முன் அப்படி ஏற்றிப் பாருங்கள், உடனே தெரியும். செவ்வகம் இருந்தால் நிரப்பிய செவ்வகம், இல்லாவிட்டால் சாதாரண மார்க்கர் பேனா, முழு ஒளிபுகாமையில்.

கட் செய்வதில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. கூகுள் பிக்சல் போனின் Markup எடிட்டரிலும், விண்டோஸ் 11-ன் Snipping Tool, விண்டோஸ் 10-ன் Snip & Sketch இரண்டிலும் வெட்டிவிட்டு அதே பைலின்மேல் சேமித்தால், புதுச் சின்னப் படம் எழுதியது போக மிச்ச இடத்தில் பழைய படத்தின் பைட்டுகள் அப்படியே கிடந்தன. அதிலிருந்து வெட்டிய பகுதியில் ஒரு பங்கை மீட்க முடிந்தது. 2023 மார்ச்சில் இது வெளியே வந்தது, aCropalypse என்று பெயர் வைத்தார்கள், திருத்தமும் அப்போதே வந்துவிட்டது. இப்போது வெட்டுகிற படத்துக்குப் பயமில்லை. அதற்கு முன்னால் வெட்டி வைத்த படங்களைத் திருத்தம் தொடாது. பழைய படத்தை ஸ்லைடில் போடுவதாக இருந்தால் பெயிண்ட்டில் திறந்து புதுப் பெயரில் சேமியுங்கள், வாலில் ஒட்டியிருந்தது கழன்றுவிடும்.

#17 ராயக்கோட்டை_தக்காளி

எங்க போன் பிக்சல் இல்லைங்க, அந்தப் பயமில்லை. ஹைலைட்டர்தான் இத்தனை நாளா. இப்ப பிரகாசம் ஏத்திப் பார்த்தேன், அடப்பாவி, மொத்த நம்பரும் தெரியுது.

#18 பர்கூர்_வாத்தியார்

ஆதாருக்கு எப்படி? கடைசி ஒரு இலக்கத்தை மட்டும் அடித்தால் போதாதா? அது இல்லாமல் எண்ணே செல்லாதே.

#19 ஒகேனக்கல்_பரிசல்

போதாது சார். ஆதாரின் 12-ஆவது இலக்கம் முந்தைய 11 இலக்கத்திலிருந்து வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்டு வருவது. தவறாக அடித்தால் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. நீங்கள் அந்த ஒன்றை மறைத்தால் கணக்கிட்டு எழுதிவிடலாம். வேறு எந்த ஒரு இலக்கத்தை மறைத்தாலும் அதே கதைதான். மாஸ்க்டு ஆதாரில் முதல் 8-ஐ மறைத்துக் கடைசி 4-ஐக் காட்டுகிறார்களே, குறைந்தபட்சம் அந்த அளவு. ஆதார் சட்டம் 2016, பிரிவு 29(4) ஆதார் எண்ணைப் பொதுவில் காட்டுவதையே தடுக்கிறது. அதனால் பயிற்சி ஸ்லைடில் முழுசாக அடித்துவிடுவதே மேல்.

#20 மலர்விழி_பாலக்கோடு

மூன்று படத்தையும் பெயிண்ட்டில் செய்து, பழைய படங்களை ஸ்லைடிலிருந்து அழித்து, புதுசாக வைத்துச் சேமித்தேன். ஜிப் ஆக்கி media பார்த்தேன். .wdp இல்லை, பட்டை போட்ட மூன்று படம் இருக்கிறது. ஆனால் நான்காவதாக ஒரு படமும் இருக்கிறது: குழுவின் க்யூஆர் அட்டையை வைத்த ஸ்லைடு. அதை முன்பே Hide Slide செய்துவிட்டேன், காட்டப் போவதில்லை. அட்டையின் நடுவில் ஒரு வட்டம் போட்டு மறைத்தும் இருக்கிறேன்.

எஸ்எம்எஸ்-ல் கடைசி 4 இலக்கத்தை விடுவதா வேண்டாமா? எந்த வங்கிக் கணக்கு என்று அந்த 4-ஐப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

#21 தகடூர்_கணினி

Hide Slide என்பது ஸ்லைடு ஷோவில் தாண்டிப் போகச் சொல்வது மட்டும்தான், பைலில் அந்த ஸ்லைடு முழுசாக இருக்கும். க்யூஆருக்குள் இருப்பது upi://pay?pa= என்று தொடங்கும் ஒரு வரி, அதில் குழுவின் யுபிஐ முகவரி அப்படியே உண்டு. கொஞ்சம் அழிந்தாலும் படிக்க முடியும்படிதான் க்யூஆர் அமைத்திருக்கிறார்கள். பிழை தாங்கும் அளவு 7, 15, 25, 30 சதவீதம் என்று நான்கு தரம். நடுவில் லோகோ வைத்த க்யூஆர் கடையில் ஸ்கேன் ஆவதும் அதனால்தான். உங்கள் வட்டத்தையும் அது லோகோவாகத்தான் பார்க்கும். போனை நீட்டிப் பாருங்கள், ஸ்கேன் ஆகிவிடும். அந்த ஸ்லைடையே அழியுங்கள். க்யூஆர் காட்டியே ஆக வேண்டுமென்றால் பொய் முகவரிக்கு ஒன்று புதிதாக உருவாக்கி வையுங்கள்.

நோட்ஸ் பகுதியையும் பாருங்கள். ஸ்லைடுக்குக் கீழே பேச வேண்டியதை எழுதி வைக்கும்போது 'இந்த இடத்தில் இன்னாருடைய பாக்கியைச் சொல்லவும்' என்று பெயரோடு எழுதுவது சகஜம். File, Info, Check for Issues, Inspect Document போனால் நோட்ஸ், கமெண்ட், எழுதியவர் பெயர் எல்லாம் எடுத்துவிடும். படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காது, அது உங்கள் கண்வேலை.

குழுவில் போட ஒரு தனி நகல் வேண்டுமென்றால் Save As-ல் PowerPoint Picture Presentation என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே படமாகிவிடும். அனிமேஷனும் லிங்க்கும் போய்விடும், எழுத்தைத் திருத்த முடியாது. கையேடாகக் கொடுப்பதற்கு அது பரவாயில்லை.

#22 ஓய்வு_கேஷியர்

கடைசி 4-ஐ விடலாம் என்பது என் கருத்து. வங்கியே எஸ்எம்எஸ்-ல் அதைத்தான் காட்டுகிறது. வெறும் 4 இலக்கத்தை வைத்து யாரும் பணம் எடுத்துவிட முடியாது. மற்ற இடங்களில் முன் இலக்கங்களை முழுசாக அடித்தால் போதும்.

#23 தகடூர்_கணினி

பணம் எடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனில் கூப்பிட்டு 'உங்கள் கணக்கு 1234-ல் முடிகிறதா?' என்று ஆரம்பிப்பவருக்கு அந்த 4 இலக்கமே முதலீடு. கூடவே கிளை பெயரும் மீதித் தொகையும் எஸ்எம்எஸ்-ல் இருந்தால், பேசுபவர் வங்கிக்காரர்தான் என்று ஊக்குநர் நம்பிவிடுவார். பாடத்துக்குத் தேவை 4 இலக்கம், உண்மையான 4 இலக்கம் இல்லையே. 0000 என்று வைத்து, புத்தகத்திலும் 0000 என்று வைத்தால் அதே பாடம் நடக்கும்.

#24 ஓய்வு_கேஷியர்

எல்லாமே 0000 என்றால் இரண்டு கணக்கு இருக்கும் குழுவுக்கு எப்படிக் காட்டுவது? உண்மையான எஸ்எம்எஸ்-ஐப் பார்க்கிற நம்பிக்கையே வேறு. எனக்கு உடன்பாடில்லை.

#25 மலர்விழி_பாலக்கோடு

சேமிப்புக் கணக்குக்கு 1111, கடன் கணக்குக்கு 2222 என்று வைத்துவிட்டேன் ஐயா. மீதித் தொகையையும் மாற்றிவிட்டேன். க்யூஆர் ஸ்லைடு போய்விட்டது.

போன மாதம் பென்னாகரத்தில் நடந்த பயிற்சியின் பிபிடி பழைய முறையில் செய்தது, அது வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. அதை எடுக்க வழி உண்டா?

#26 ஒகேனக்கல்_பரிசல்

எல்லோருக்கும் அழிப்பதற்கான கெடு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அக்கா, அது தாண்டிவிட்டது. குழு அட்மின் அழித்துப் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே இறக்கியவர் போனில் பைல் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த பிபிடியையும் ஜிப்பாகத் திறந்து media-வில் யார் யாருடைய எண் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்த உறுப்பினர்களிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது, குறிப்பாக வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று கூப்பிடுபவரைப் பற்றி. கிளையில் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்பதைக் கேஷியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

#27 ஓசூர்_ரைடர்

என் பழைய PDF ஒண்ணுல அந்த pdfimages ஓட்டிப் பார்த்தேன். பட்டை இல்லாம 6 படம் வந்துது. பெயிண்ட்டுக்கே போறேன் அண்ணா.